வைப்புத்தொகை வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க: 15ஜி படிவம் கொடுப்பது எப்படி?

முக்கூடலில் பீடி சுற்றும் ஓர் அக்கா 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் மில்லில் வேலை பார்த்து இறந்தபின் வந்த பணத்தில் 9 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,500 ரூபாய் வட்டி வரவேண்டிய இடத்தில் 9,450தான் வந்திருந்தது. பக்கத்தில் டிடிஎஸ் என்று மூன்று எழுத்து. "நான் என்ன வரி கட்டுற ஆளா தம்பி? பீடி சுத்துறவகிட்ட எதுக்கு வரி?" என்றார்.

அவர் வரி கட்ட வேண்டியவர் இல்லை. அது வங்கிக்குத் தெரியாது, அவ்வளவுதான். வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி தானாகவே 10 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். 'எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்' என்று வைப்புதாரர் எழுதிக் கொடுப்பதுதான் 15ஜி படிவம். 60 வயதானவர்களுக்கு அதே வேலையைச் செய்வது 15ஹெச்.

ஒரு பக்கத்தில் அடங்கும் படிவம்தான். ஆனால் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்ததில் பார்த்தது, தவறு பெரும்பாலும் படிவத்தில் நடப்பதில்லை, அதற்கு முந்தைய வேலைகளில் நடக்கிறது. அதனால் அந்த அக்காவின் கணக்கையே வைத்து வரிசையாகச் சொல்கிறேன். கீழே வரும் வரம்புகளும் கட்ட எண்களும் சட்டப் பிரிவு எண்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. ஆகவே அதற்குப் பிறகு போகிறவர்கள் கடையில் விற்கும் பழைய படிவத்தை வாங்காமல், வங்கி கவுண்டரில் அந்த ஆண்டுக்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

60 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் கிடைக்கும் வைப்புத்தொகை வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி பிடிப்பார்கள். 60 ஆனவர்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். 2025 மார்ச் வரை இவை 40,000, 50,000 என்று இருந்தன. ஃபிக்சட் டெபாசிட், ரெக்கரிங் டெபாசிட் இரண்டின் வட்டியும் இதில் சேரும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் பிடிப்பார்கள் என்ற நினைப்பு. அப்படி இல்லை. 49,900 வட்டிக்கு ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், 51,000 வட்டிக்கு 5,100 பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, கிளை. அக்கா 6 லட்சத்தை முக்கூடலிலும் 3 லட்சத்தை அதே வங்கியின் அம்பாசமுத்திரம் கிளையிலும் போட்டிருந்தார். யாரோ சொல்லிக் கொடுத்த யோசனை அது. "ரெண்டா பிரிச்சுத்தான தம்பி போட்டேன்?" என்று கேட்டார். வங்கிகளின் கிளைகள் எல்லாம் ஒரே கணினி வலையில் இருக்கின்றன. பான் எண்ணை வைத்து எல்லாக் கிளை வட்டியும் ஒன்றாகக் கூட்டப்படும். வேறு வேறு வங்கி என்றால்தான் வரம்பும் வேறு வேறு.

உங்கள் வட்டி வரம்புக்குள் அடங்கிவிட்டால் படிவமே வேண்டாம். கொடுத்தால் குற்றமும் இல்லை.

2. பான் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பான் இல்லாமல் கொடுக்கும் 15ஜி செல்லாது. செல்லாதது மட்டுமல்ல, பான் இல்லாதவருக்குப் பிடித்தம் 10 அல்ல, 20 சதவீதம்.

பான் கார்டு பெட்டியில் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. ஆதாரோடு இணைக்காத பான் செயலிழந்ததாகவே கணக்கு, அதற்கும் 20 சதவீதம்தான். incometax.gov.in தளத்தின் முதல் பக்கத்திலேயே Link Aadhaar Status என்று இருக்கும். அதில் பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் போட்டால் இணைந்திருக்கிறதா என்று காட்டிவிடும். உள்ளே நுழையக் கடவுச்சொல் எதுவும் வேண்டாம். இணையவில்லை என்றால் 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டியிருக்கும். பெயரோ பிறந்த தேதியோ இரண்டு அட்டையிலும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு நடக்காது. நம் பக்கம் இது சர்வசாதாரணம். ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, மற்றதில் கணவர் பெயரின் முதலெழுத்து. இதைத் திருத்த நாட்கள் பிடிக்கும் என்பதால் மார்ச்சிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், அந்தப் பான் வங்கியில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சேமிப்புக் கணக்கில் ஏறாமலே கிடப்பது உண்டு.

3. வாடிக்கையாளர் எண் ஒன்றா, இரண்டா?

யாரும் சொல்லித் தராத படி இது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வங்கி ஓர் எண் வைத்திருக்கும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் சிஐஎஃப் என்றோ கஸ்டமர் ஐடி என்றோ அச்சாகியிருக்கும். கணக்கு எண் வேறு, இது வேறு. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் இந்த எண் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு இருந்தன. முக்கூடல் கணக்கு கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கியது, அம்பாசமுத்திரத்தில் கணக்கு தொடங்கியபோது அப்பா பெயரின் முதலெழுத்து. கணினி இரண்டு பேர் என்றே வைத்திருந்தது. வரி பிடிக்கும்போது பான் எண்ணை வைத்து இரண்டையும் கூட்டிக்கொண்டது. ஆனால் 15ஜி ஏறுவது வாடிக்கையாளர் எண்ணில். ஒரு கிளையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்திருந்தால் ஒரு வைப்புக்கு மட்டும் பிடித்தம் நின்றிருக்கும், மற்றதில் தொடர்ந்திருக்கும்.

அதனால் எல்லா பாஸ்புக்கையும் வைப்பு ரசீதுகளையும் எடுத்து வைத்து, அந்த எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ஆதார், பான் நகல்களோடு இரண்டையும் சேர்க்கச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். சேரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதைக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படிவம் கொடுத்துவிடுங்கள்.

4. இந்த வருட வட்டியைக் கணக்கிடுங்கள்

படிவத்தில் கேட்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வரப்போகும் வட்டியை. போன வருட வட்டியை அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வட்டியைக் கையில் வாங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் சரியாகிவிடும். முதிர்வில் மொத்தமாக வாங்கும் வைப்புக்குச் சரிவராது.

அக்காவின் 6 லட்சத்துக்கு 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. வருடத்துக்கு 42,000. இதில் சிக்கல் இல்லை.

அம்பாசமுத்திரத்தில் இருந்த 3 லட்சம் முதிர்வில் வாங்கும் வைப்பு. அதே 7 சதவீதம்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேரும். முதல் வருடம் 21,558 ரூபாய் சேர்ந்தது. இரண்டாம் வருடம் அந்த 3,21,558-க்கு வட்டி என்பதால் சுமார் 23,100 ஆகிறது. பணம் கைக்கு வராவிட்டாலும் இந்த வட்டியை வங்கி வருடாவருடம் கணக்கில் எடுத்து வரி பிடிக்கும். அஞ்சு வருடம் கழித்து முதிரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு முதிர்வுத் தொகை ரசீதில் போட்டதைவிடக் குறைந்து வருவதற்கு இதுதான் காரணம்.

ஆக 2025-26-க்கு 42,000-மும் 23,100-ம் சேர்த்து 65,100. நான் கொஞ்சம் கூட்டி 66,000 என்று எழுதச் சொன்னேன். குறைத்து எழுதிவிட்டு வட்டி அதைத் தாண்டினால், தாண்டிய பிறகு படிவம் போதாது என்று வங்கி சொல்ல இடம் இருக்கிறது. சில நூறு ரூபாய் கூடுதலாக எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

5. நீங்கள் இதைக் கொடுக்கத் தகுதியானவரா?

15ஜி கொடுக்க இரண்டு நிபந்தனைகள், இரண்டுமே பொருந்த வேண்டும். உங்கள் மொத்த வருட வருமானத்துக்கு வரி எதுவும் வரக்கூடாது. அதோடு, வரி பிடிக்காமல் கேட்கிற வட்டி எல்லாம் சேர்ந்து அடிப்படை வரிவிலக்கு வரம்பைத் தாண்டக்கூடாது. புதிய வரி முறையில் 2025-26-க்கு அந்த வரம்பு 4 லட்சம். நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காதவரை புதிய முறைதான் பொருந்தும்.

மொத்த வருமானம் என்றால் வட்டி மட்டும் இல்லை. அக்காவுக்கு இப்படிக் கூட்டினோம்:

இந்த வங்கி வட்டி 66,000. பீடிக் கூலி வருடத்துக்கு 60,000. கணவரின் வருங்கால வைப்பு நிதி வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம் மாதம் 1,500, அதாவது 18,000. சேமிப்புக் கணக்கு வட்டி 1,200. வேறொரு வங்கியில் மகள் கல்யாணத்துக்கென்று போட்ட 1 லட்சத்தின் வட்டி 6,800. மொத்தம் 1,52,000.

4 லட்சத்துக்கு எவ்வளவோ கீழே. இரண்டு நிபந்தனையும் பொருந்துகின்றன.

கடைசியில் சொன்ன 6,800-ஐ அக்கா முதலில் சொல்லவே இல்லை. "அதுலதான் வரி பிடிக்கலையே" என்றார். பிடிக்காத வட்டியும் வருமானம்தான். அந்த வங்கிக்குப் படிவம் தேவையில்லை, ஆனால் இந்தக் கூட்டலில் அது இருந்தாக வேண்டும்.

யார் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியிருப்பவர் கொடுக்க முடியாது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பெயரில் வைப்பு உள்ள வீடுகள் நிறைய. அப்பா கையெழுத்துப் போட்டு மகனுக்கு 15ஜி கொடுப்பது செல்லாது. அதேபோல, நல்ல சம்பளக்காரர் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டு மனைவியிடம் 15ஜி வாங்கிக் கொடுப்பதும் தப்பு. சட்டப்படி அந்த வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 277-ஆம் பிரிவில் அபராதம் மட்டுமல்ல, சிறைத்தண்டனையும் இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. கவுண்டரில் கூட்டத்தில் நின்றுகொண்டு 'எல்லோரும் கொடுக்கிறார்கள்' என்று கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்காகச் சொல்கிறேன்.

இருவர் பெயரில் உள்ள வைப்பானால் முதல் பெயர்க்காரர்தான் கொடுக்க வேண்டும். வட்டி அவர் பான் எண்ணில்தான் ஏறுகிறது.

6. படிவத்தை நிரப்புங்கள்

முதல் பகுதி மட்டும் உங்களுடையது. இரண்டாம் பகுதியை வங்கி நிரப்பும், அதில் பேனா வைக்காதீர்கள். முகவரிக் கட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தடுமாற வைக்கும் கட்டங்கள் ஆறு.

கட்டம் 1, பெயர். பான் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தாலும் பான் பெயர்தான்.

கட்டம் 4, எந்த ஆண்டுக்கு என்பது. வட்டி வருகிற நிதியாண்டை எழுத வேண்டும், 2025-26. அந்த வருமானத்துக்கு வரிக் கணக்குப் பார்க்கும் அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு. இங்கே அந்த 2026-27-ஐ எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் இந்த வருடத்துக்கு நீங்கள் படிவமே கொடுக்காத மாதிரி.

கட்டம் 15, உங்களுக்கு வருமான வரி மதிப்பீடு நடந்திருக்கிறதா என்ற கேள்வி. 'நான் வரி கட்டியதே இல்லை' என்று எல்லோரும் இல்லை என்று குறிக்கிறார்கள். ஆனால் கேட்பது வரி கட்டியதைப் பற்றி அல்ல. கடந்த ஆறு மதிப்பீட்டு ஆண்டுகளில் எதற்காவது ரிட்டர்ன் போட்டு மதிப்பீடு நடந்திருந்தால், பிடித்ததைத் திரும்ப வாங்குவதற்காகப் போட்டதாக இருந்தாலும், ஆம் என்று குறித்து, கடைசியாகப் போட்ட மதிப்பீட்டு ஆண்டை எழுதுங்கள். அக்கா 2025 ஏப்ரலில் 'இல்லை' என்று குறித்தார், அன்றைக்கு அதுதான் உண்மை. அடுத்த முறை 'ஆம், 2025-26' என்று எழுத வேண்டும். ஏன் என்பது 8-ஆம் படியில் வரும்.

கட்டம் 16, இந்தப் படிவத்துக்கு உரிய வருமானம். இங்கே 66,000. நான் பார்த்த தவறுகளில் மிக மோசமானது இந்தக் கட்டத்தில்தான். வட்டியைப் போடாமல் வைப்புத்தொகையையே போட்டு விடுகிறார்கள், 9,00,000 என்று. வட்டியே 9 லட்சம் என்றால் இரண்டாம் நிபந்தனை உடைந்துவிடுகிறது, படிவம் அங்கேயே தள்ளுபடி. ஒருவேளை கவனிக்காமல் ஏற்றிவிட்டால் இன்னும் தலைவலி.

கட்டம் 17, மொத்த வருமானம். 5-ஆம் படியில் கூட்டிய 1,52,000. 16-இல் எழுதிய அதே எண்ணை இங்கேயும் எழுதுவது வழக்கமான தவறு. வட்டியைத் தவிர வேறு எந்த வருமானமும் இல்லாதவருக்குத்தான் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

கட்டம் 18, இந்த நிதியாண்டில் இதற்குமுன் எத்தனை 15ஜி கொடுத்தீர்கள், மொத்தம் எவ்வளவு தொகைக்கு என்பது. அக்கா கொடுத்தது இரண்டு படிவம், இரண்டு வாடிக்கையாளர் எண்ணுக்காக. முக்கூடலில் முதலில் கொடுத்ததில் 18-ஆம் கட்டத்தில் பூஜ்யம், 16-ஆம் கட்டத்தில் 42,500. அம்பாசமுத்திரத்தில் அடுத்துக் கொடுத்ததில் 18-ஆம் கட்டத்தில் 'ஒன்று, 42,500', 16-ஆம் கட்டத்தில் 23,500. இரண்டும் சேர்ந்து 66,000. 17-ஆம் கட்டத்தில் இரண்டிலும் அதே 1,52,000. வாடிக்கையாளர் எண் ஒன்றாக இருந்தால் 66,000 என்று ஒரே படிவத்தில் முடிந்துவிடும்.

கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வைப்பின் எண்ணையும் எழுத வேண்டும். சேமிப்புக் கணக்கு எண்ணை எழுதாதீர்கள், வைப்பு ரசீதில் உள்ள எண். வருமானத்தின் தன்மை என்ற இடத்தில் வைப்பு வட்டி என்றும், பிரிவு என்ற இடத்தில் 194A என்றும் எழுதினால் போதும். கையெழுத்து இரண்டு இடத்தில் வரும், உறுதிமொழிக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு வந்து திரும்ப நடந்தவர்கள் பலர்.

7. ஏப்ரலிலேயே கொடுத்து, அத்தாட்சி வாங்குங்கள்

படிவம் ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். மூன்று வருட வைப்பு என்றால் மூன்று முறை கொடுக்க வேண்டும். 'போன வருஷம் கொடுத்தேனே' என்பதுதான் ஜூலையில் என் காதில் அதிகம் விழும் வார்த்தை.

ஏப்ரல் என்று சொல்வதற்குக் காரணம், முதல் வட்டி ஜூன் கடைசியில் வரவு வைக்கப்படுவதற்குள் படிவம் கணினியில் ஏறியிருக்க வேண்டும். மாத வட்டி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். படிவம் கொடுத்த நாளிலிருந்து பிடித்தம் நிற்கும், அதற்கு முன் பிடித்தது பிடித்ததுதான்.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 'கொடுத்துட்டுப் போங்க, ஏத்திடுவோம்' என்பார்கள். கொஞ்சம் நின்று வாங்கிவிடுவதுதான் நல்லது. கணினியில் ஏற்றியதும் ஒரு தனி எண் விழும், 15ஜி என்றால் அது G என்ற எழுத்திலும் 15ஹெச் என்றால் H-இலும் தொடங்கும். அந்த எண்ணை உங்கள் பிரதியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது விழுந்துவிட்டால் படிவம் மேசை இழுப்பறையில் கிடக்கவில்லை என்று அர்த்தம். பல வங்கிகளில் நெட் பேங்கிங், மொபைல் செயலி வழியாகவும் கொடுக்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அது சுலபம், ரசீது உடனே வந்துவிடும்.

நடு வருடத்தில் புது வைப்பு போட்டாலோ, பழையது முதிர்ந்து தானாகப் புதுப்பித்துப் புது எண் விழுந்தாலோ, அந்த வைப்புக்கும் படிவம் பொருந்துகிறதா என்று கேட்டு, தேவைப்பட்டால் இன்னொன்று கொடுங்கள். அப்போது 18-ஆம் கட்டத்தில் முந்தையதைக் காட்ட வேண்டும்.

ஜூலை முதல் வாரத்தில் பாஸ்புக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வட்டி முழுசாக வந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முதிர்வில் வாங்கும் வைப்புக்கு இப்படித் தெரியாது. அதற்கு incometax.gov.in-இல் உள்ளே போய் e-File, Income Tax Returns, View Form 26AS என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததை வங்கி ஜூலை கடைசிக்குள்தான் கணக்குக் காட்டும். ஆகவே ஆகஸ்டில் பார்த்தால் சரியாக இருக்கும். அங்கே உங்கள் வங்கியின் பெயருக்கு எதிரே பிடித்த வரி என்ற பத்தியில் பூஜ்யம் இருந்தால் சரி.

8. ஏற்கெனவே பிடித்துவிட்டால்

அக்காவுக்கு 2024-25-இல் நடந்தது இது. வட்டி 63,558, அந்த வருட வரம்பு 40,000, பிடித்தது 6,356 ரூபாய். மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கையை விரித்துவிட்டார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிடித்த பணத்தை வங்கி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டிவிடுகிறது. அதன்பின் அது வங்கியிடம் இல்லை. இப்போது 15ஜி கொடுத்தாலும் பழைய பணம் வராது.

வருவதற்கு ஒரே வழி, வருமான வரி ரிட்டர்ன் போடுவது. வரி வராத ஆளுக்கு ரிட்டர்ன் எதற்கு என்று கேட்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பமே அதுதான். சம்பளம், குடும்ப ஓய்வூதியம், வட்டி மட்டும் உள்ளவர்களுக்கு ITR-1 போதும். தளத்தில் பான் எண்ணால் பதிவு செய்து உள்ளே போனால், பிடித்த வரி 26AS-இலிருந்து தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அது உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வங்கியிடம் 16ஏ என்ற பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வராமல் போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். திருப்பித் தரும் தொகை போக வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்காதது ஒன்று. கணக்கில் உள்ள பெயரும் பான் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அது தோற்றுப்போகும். அக்காவுக்கு அம்பாசமுத்திரம் கணக்கு தோற்று, முக்கூடல் கணக்குதான் ஏறியது. இன்னொன்று, ரிட்டர்ன் அனுப்பியபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாக உறுதி செய்யாமல் விடுவது. உறுதி செய்யாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிபிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. அக்காவுக்கு ஜூனில் போட்டோம், 6,356 ரூபாய் முக்கூடல் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

9. 60 வயது ஆகும் வருடம்

நிதியாண்டின் எந்த நாளில் 60 முடிந்தாலும், மார்ச் 31-ஆகவே இருந்தாலும், அந்த ஆண்டு முழுவதற்கும் 15ஹெச் கொடுக்கலாம். அதில் வட்டி 4 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்ற இரண்டாம் நிபந்தனை இல்லை. மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் போதும். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி கழித்து வரி பூஜ்யம் ஆகிவிடுவதால், பாளையங்கோட்டையில் ஓய்வூதியத்தோடு வைப்பு வட்டியும் வாங்கும் பல வாத்தியார்களும் இதைக் கொடுக்கலாம். கட்டங்கள் ஏறக்குறைய அவைதான், எண் ஒன்று குறையும், 16, 17, 18 என்று மேலே சொன்னவை இதில் 15, 16, 17. பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். அதில் பான் கார்டில் உள்ள தேதியைத்தான் எழுத வேண்டும். வங்கிக் கணக்கில் பிறந்த வருடம் தப்பாக ஏறியிருந்தால் கணினி உங்களை 60 ஆனவராக எடுத்துக்கொள்ளாது, 1 லட்சம் வரம்பும் கிடைக்காது. அந்த ஏப்ரலில் படிவத்தோடு பான் நகலையும் கொடுத்து, பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.